மூன்றாவது படியில் தொடங்குங்கள்: வெள்ளத்தில் மூழ்கும் வணிக நகரத்துக்கு முதல் காட்சி எழுதுவது எப்படி

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் கதை விளையாட்டில், வெள்ளக் காட்சி எழுத உட்காரும் கேம் மாஸ்டரின், அதாவது கதையை நடத்துபவரின், கை முதலில் மழையைத்தான் எழுதும். என் கையும் அதைத்தான் எழுதியது. கறுத்த வானம், இடி, கரையுடைத்த ஆறு, மிதந்து போகும் கூரைகள் என்று இரண்டு பக்கம். மேசையில் வாசித்து முடிக்க நான்கு நிமிடம் ஆனது. நிமிர்ந்து பார்த்தபோது ஒரு பிளேயர் கேட்டார்: "சரி, இப்ப நாங்க எங்க நிக்கிறோம்?" என் இரண்டு பக்கத்தில் அதற்கு விடை இல்லை.

அந்தக் காட்சியை அதற்குப் பிறகு பலமுறை திருத்தி எழுதியிருக்கிறேன். கண்டுகொண்டது ஒன்றுதான். தண்ணீர் எவ்வளவு பெரியது என்று சொல்லச் சொல்ல பிளேயர்கள் பார்வையாளர்களாகி விடுகிறார்கள். அது அடுத்து எதைத் தொடப்போகிறது என்று காட்டிவிட்டால் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்காருகிறார்கள். கீழே சொல்வதெல்லாம் அந்த "அடுத்து எதை" என்பதைக் கட்டும் வேலை. எந்த விதிப் புத்தகத்தை வைத்து ஆடினாலும் இது பொருந்தும். நான்கு பிளேயர்கள், முக்கால் மணி நேரக் காட்சி என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் வேலை: நீர் ஏறும் கணக்கு

நகரத்தைக் கழிமுகத்தில் வையுங்கள், அதாவது ஆறு கடலைச் சேரும் இடத்தில். வணிக நகரத்துக்கு அது இயல்பான இடம், கப்பலும் ஓடமும் சந்திப்பது அங்கேதான். காட்சிக்கு அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. கடலேற்றத்துக்கு ஒரு தாளம் இருக்கிறது, அதை நாம் கற்பனை செய்ய வேண்டியதில்லை.

நாளுக்கு இரண்டு ஏற்றம் வரும் கரைகளில் ஓர் உச்ச ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். வற்றிய நிலையிலிருந்து உச்சத்துக்கு ஏற 6 மணி நேரத்துக்குச் சற்று மேல். மாலுமிகள் இதற்கு ஒரு மனக்கணக்கு வைத்திருக்கிறார்கள். மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால் முதல் மணியில் ஒரு பங்கு ஏறும், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. மெதுவாகத் தொடங்கி, நடுவில் வேகமெடுத்து, மறுபடி தணியும். தோராயமான கணக்குதான், ஆனால் ஒரு காட்சிக்கு வேண்டிய வளைவு அப்படியே இதில் இருக்கிறது.

உங்கள் நகரத்தில் ஏற்றத்தின் உயரம் 3 மீட்டர் என்றால் ஒரு பங்கு 25 சென்டிமீட்டர். மூன்றாம், நான்காம் மணிகளில் மட்டும் 150 சென்டிமீட்டர் ஏறிவிடும், கால்மணிக்குக் கிட்டத்தட்ட 19 சென்டிமீட்டர். அது ஒரு மாடிப்படியின் உயரம்! இதைக் கவனித்த நாளிலிருந்து என் தண்ணீர்க் கடிகாரம் ஒரு படிக்கட்டாகிவிட்டது. எட்டுப் படி, ஒவ்வொன்றும் கால்மணி. "நீர்மட்டம் 75 சென்டிமீட்டர்" என்றால் யாருக்கும் எதுவும் தோன்றாது. "நாலாவது படி போயிடுச்சு" என்றால் எல்லோருக்கும் புரியும்.

ஒரு தாளில் எட்டுப் படிகளை வரைந்து மேசை நடுவில் வையுங்கள். நீர்மட்டத்தைக் காட்ட ஒரு நாணயம் போதும். இதைத் திரைக்குப் பின்னால் ஒளித்து வைக்கும் கேம் மாஸ்டர்கள் இருக்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. ஒளித்த கடிகாரம் வெடிக்கும்போது ஒரு கணம் அதிர்ச்சி தரும், அவ்வளவுதான். கண்முன் இருக்கும் கடிகாரம் முழுக் காட்சியையும் இழுத்துப் பிடிக்கும்.

எந்தப் படியில் தொடங்குவது

தண்ணீர் வருவதற்கு முன்னால் தொடங்கினால் பிளேயர்கள் கயிறு, விளக்கு, ஓடம் என்று ஒரு மணி நேரம் ஏற்பாடு செய்வார்கள். எல்லாம் மூழ்கிய பிறகு தொடங்கினால் அது மிச்சம் மீதியைத் தேடும் காட்சியாகிவிடும். மூன்று படி மூழ்கிய நிலையில் தொடங்குங்கள். தண்ணீர் முழங்காலுக்கு மேல், நடக்க முடியும், ஓட முடியாது.

இதற்கு நேரக் கணக்கும் ஒத்துவருகிறது. மீதி ஐந்து படி. நான்கு பேரும் ஆளுக்கொரு செயல் செய்தால் ஒரு சுற்று, சுற்றுக்கு ஒரு படி. மொத்தம் இருபது செயல்கள். சொல்லி, பகடை உருட்டி, விளைவைக் கேட்டு முடிக்க ஒரு செயலுக்கு இரண்டு, இரண்டரை நிமிடம் பிடிக்கும். நாற்பது முதல் ஐம்பது நிமிடத்தில் காட்சி முடியும். ஆறு பேர் ஆடினால் நான்காவது படியில் தொடங்குங்கள், இல்லையென்றால் கடைசிப் படிகளில் தொய்வு விழும்.

வணிக நகரம் என்பதால் மட்டும் நடக்கக்கூடியது

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். கூரையில் தவிக்கும் குழந்தை எந்த ஊர் வெள்ளத்திலும் இருக்கும். சரக்கும் கடனும் நிறைந்த நகரத்தில் தண்ணீர் எதை அழிக்கிறது என்று கேட்டால் வேறு விடைகள் கிடைக்கும். உப்பு கரைந்து காணாமல் போகும். நனைந்த தானியம் ஊதிப் பெருத்து, இருக்கும் இடத்தைப் பிளக்கப் பார்க்கும். எண்ணெய் மேலே மிதந்து விளக்குத் திரிக்காகக் காத்திருக்கும். இத்தனையையும் ஒரே காட்சியில் அடுக்காதீர்கள். நான் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டேன்: சரக்கை எடைபோடும் கூடத்தை ஒட்டிப் பேரேடுகள் இருக்கும் ஒரு கணக்கறை, கூடத்தில் சில பீப்பாய் சுட்ட சுண்ணாம்பு.

நீற்றாத சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதிக்கும். பக்கத்தில் இருக்கும் வைக்கோலையும் சாக்கையும் பற்றவைக்கும் அளவுக்குச் சூடேறும். சுண்ணாம்பு ஏற்றிய கப்பல்கள் உள்ளே கசிந்த நீராலேயே தீப்பிடித்திருக்கின்றன. மொத்தமாக மூழ்கினால் சுற்றியுள்ள நீரே வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். அடியில் கொஞ்சம் நனையும் நிலைதான் மோசம். எனவே ஆறாவது படி உயரத்தில் ஒரு மரத்தட்டில் பீப்பாய்களை அடுக்குங்கள், பக்கத்தில் சணல் மூட்டைகள். தண்ணீர் ஏறியதால் தீப்பிடிக்கும் கூடம் என்பது பிளேயர்களின் மனதில் நிற்கும். வாளியில் நீர் மொண்டு ஊற்றப்போகும் கேரக்டரை ஒரு என்.பி.சி., அதாவது கேம் மாஸ்டர் பேசி நடத்தும் பாத்திரம், அலறித் தடுக்கும் கணம் தானாகவே அமைந்துவிடும்.

அடுத்து கதவு. கணக்கறையின் கதவு கூடத்தை நோக்கித் திறக்கிறது. நல்ல தச்சு வேலை, கசிவு குறைவு. உள்ளே கணுக்கால் நீர், வெளியே மூன்று படி. ஒரு மீட்டர் அகலக் கதவு என்றால் வெளிநீர் அதை ஏறத்தாழ 160 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். இன்னொரு படி ஏறினால் அது 280 கிலோவை நெருங்கும். ஆழம் கொஞ்சம் கூடினாலும் கதவின் மேல் விழும் மொத்த விசை வெகுவாகக் கூடும், கூடுவது ஆழத்தின் வர்க்கத்தில். உள்ளே இருக்கும் நீர் சற்றே எதிர்த்துத் தள்ளும், ஆனால் கணுக்கால் அளவுக்கு அது ஒரு பொருட்டல்ல.

அப்படியானால் கதவைத் திறக்கும் வழி ஒன்றுதான்: உள்ளேயும் தண்ணீர் விட வேண்டும். கதவின் அடிப்பலகையை உடைத்தால் நீர் புகுந்து இரு பக்கமும் சமமாகும், பிறகு கதவு எளிதாகத் திறக்கும். உள்ளே மாட்டிக்கொண்ட கணக்கர் பிழைப்பார். தரையில் பெட்டியில் இருக்கும் பேரேடுகள் நனையும். நகரத்தில் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதற்கு வேறு சான்று இல்லை.

இடுப்புயரத்தில், ஐந்தாவது படிக்குச் சற்று மேலே, பணம் வாங்கும் சிறிய சன்னல் ஒன்று வையுங்கள். கை நுழையும், உடம்பு நுழையாது. நேரமிருக்கும்போது பேரேடுகளை அதன் வழியே ஒவ்வொன்றாக எடுக்கலாம், ஒன்றுக்கு ஒரு செயல். ஆறாவது படி மூழ்கும்போது அந்தச் சன்னலும் மூழ்கிவிடும்.

இத்தனையும் சேர்ந்தால் படிக்கட்டுத் தாளில் உங்கள் குறிப்பு இப்படி இருக்கும். நான்காவது படி: வெறும் கைபலத்தால் கதவைத் திறக்கும் பேச்சுக்கே இடமில்லை. ஐந்து: சன்னலின் விளிம்பைத் தண்ணீர் நக்குகிறது. ஆறு: சன்னல் போயிற்று, சுண்ணாம்பு புகைகிறது. ஏழு: சணல் பற்றுகிறது. எட்டு: கூடத்தில் நிற்பவர்களுக்குக் கழுத்தளவு நீர், குட்டையானவர் ஏற்கெனவே நீந்திக்கொண்டிருக்கிறார். இதற்கு மேல் முன்கூட்டி எதையும் எழுத வேண்டாம்.

பிளேயரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி

காட்சி தொடங்குவதற்கு முன், கேரக்டர் தாளை எடுத்து வைத்ததும், ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்: "அந்தப் பேரேட்டில் உன் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது?"

வேறு பின்கதை தேவையில்லை. என் மேசையில் சுமைதூக்கியாக ஆடியவர், "அப்பா வாங்கின கடன், இன்னும் ஆறு வருஷம் அடைக்கணும்" என்றார். காவல்காரியாக ஆடியவருக்கு நகரம் இரண்டு ஆண்டுச் சம்பளம் பாக்கி. முத்துக்குளிப்பவர் தன் பெயரே அதில் இல்லை என்றார், இருக்க வேண்டிய இடத்தில் வேறொருவர் பெயர் இருக்கிறதாம். நான்காமவர் கணக்கரின் பயிற்சி மாணவர். ஒரு பதிவைத் தானே மாற்றி எழுதியதாகச் சொன்னார். பேரேடு நனைய வேண்டும் என்று இருவர், நனையக் கூடாது என்று இருவர். தண்ணீர் இன்னும் ஒரு படி கூட ஏறவில்லை, அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள்.

நான்கு பேரும் ஒரே பக்கம் நின்றுவிட்டால் ஒருவரிடம் மட்டும் இன்னொரு கேள்வி கேளுங்கள்: "அது அழிந்தால் உனக்கு என்ன லாபம்?" பதில் வரும்.

வாசித்துக் காட்டும் பத்தி

ஐம்பது சொல்லுக்குள் நிறுத்துங்கள். நிற்கும் இடம், நீர்மட்டம், ஒரு சத்தம், ஒரு கோரிக்கை. வானமும் மழையும் வேண்டாம், அவர்கள் கூரைக்கடியில் நிற்கிறார்கள். என் பத்தி இது:

> எடைக்கூடத்தில் ஒரு விளக்குதான் எரிகிறது. மாடிக்கு ஏறும் எட்டுப் படிகளில் மூன்று தண்ணீருக்குள். காலிப் பீப்பாய்கள் உங்கள் தொடையில் முட்டி முட்டி விலகுகின்றன. கணக்கறைக் கதவுக்குப் பின்னால் மூன்று தட்டு. அமைதி. மறுபடி மூன்று. "யாராவது இருக்கீங்களா? கதவு அசைய மாட்டேங்குது." முகத்தில் தெறித்த துளி உதட்டில் உப்புக் கரிக்கிறது. நான்காவது படியின் விளிம்பில் ஒரு சிற்றலை ஏறி இறங்குகிறது. என்ன செய்கிறீர்கள்?

உப்புக் கரிப்பதை ஒரு வாக்கியத்தோடு விட்டுவிட்டதைக் கவனியுங்கள். ஆறு பெருகியதாக ஊரே நம்புகிறது, ஆனால் ஆற்று வெள்ளம் உப்பாக இருக்காது. கடல்மதகை யாரோ திறந்திருக்கிறார்கள். இதை நீங்கள் விளக்கக் கூடாது. சில சமயம் உடனே ஒருவர் பிடித்துவிடுவார், சில சமயம் காட்சி முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் உறைக்கும். இரண்டுமே நல்லது. யாருமே பிடிக்காவிட்டால் அடுத்த முறை யாராவது தண்ணீரை விழுங்கும்போது மறுபடி ஒரு தடவை சொல்லுங்கள்.

பகடை எப்போது

இரண்டாம் முறை இதை நடத்தியபோது ஒரு தவறு செய்தேன். தோற்ற ஒவ்வொரு பகடைக்கும் ஒரு படி ஏற்றினேன். முதல் சுற்றிலேயே மூவர் தோற்றார்கள். மூன்று படி, சுற்று முடிந்ததற்கு ஒரு படி. கடிகாரம் ஒரே தாவலில் ஏழுக்குப் போய், பன்னிரண்டு நிமிடத்தில் காட்சி முடிந்தது. யாரும் எதையும் தேர்ந்தெடுக்கவே இல்லை.

இப்போது தோல்வியின் விலையை வேறிடத்தில் வாங்குகிறேன். கோடரி கைநழுவி நீருக்குள் போகிறது, பேரேட்டின் பாதித் தாள்கள் கிழிந்து வருகின்றன, விளக்கு அணைகிறது. கூடுதல் படி ஏறுவது முழுக் காட்சிக்கும் ஒரு தடவைதான், அதுவும் யாராவது வெளிக்கதவைத் திறந்து தெருநீரை உள்ளே விட்டால்.

கதவை இழுக்கப் பகடை கேட்காதீர்கள். அது திறக்காது. "நாலு பேரும் சேர்ந்து இழுக்கிறீங்க. கைப்பிடி வளையுது, கதவு முடி அளவும் நகரல. வெளியே இருக்கிற தண்ணிதான் அதைப் பிடிச்சிருக்கு" என்று காரணத்தோடு சொல்லிவிடுங்கள். காரணம் தெரிந்தவுடன் பிளேயர்களே விடையைத் தேடுவார்கள். காரணத்தை மறைத்தால் கைபலத்தையே மறுபடி மறுபடி முயல்வார்கள். நீச்சலுக்கும் தனித்தனிப் பகடை வேண்டாம். முதல் காட்சியில் ஒரு கேரக்டர் மூச்சடக்கும் பகடையில் செத்துப்போனால் ஆடியவருக்கு மிஞ்சுவது எரிச்சல்தான்.

என் மேசையில் நடந்தது

முதல் சுற்றில் காவல்காரி கதவை இழுத்துப் பார்த்தாள். சுமைதூக்கி பீப்பாய்களைக் கண்டு, அது சுண்ணாம்பு என்று தெரிந்ததும் சணல் மூட்டைகளை விலக்கத் தொடங்கினான். முத்துக்குளிப்பவர் கதவின் அடியைத் தடவிப் பலகையின் இணைப்பைக் கண்டுபிடித்தார். மாணவர் சன்னல் வழியே கணக்கரிடம் பேசினார். நாணயம் நான்குக்குப் போனது.

இரண்டாம் சுற்று முழுக்க வாக்குவாதம். உடைப்பதா, பேரேட்டை முதலில் எடுப்பதா? கணக்கர் வயதானவர், குரல் நடுங்குகிறது, ஆனாலும் பேரேடுகளை எடுத்து நீட்டுகிறார். ஒன்று வந்தது. ஐந்தாவது படி. இரண்டாவதும் மூன்றாவதும் வந்தன. நான்காவதை மட்டும் அவர் தர மறுத்தார். "இது நனையட்டும். நான் வெளிய வந்தா போதும்."

இந்த ஒரு மறுப்பை மட்டும் நான் முன்பே எழுதி வைத்திருந்தேன். என்.பி.சி.க்கு நீண்ட வரலாறு எழுதுவதைவிட, தன் இயல்புக்கு மாறாக அவர் செய்யும் ஒரு காரியத்தை எழுதி வைப்பது அதிகம் உதவும். ஆயுள் முழுக்கக் கணக்கைக் காத்தவர் ஒரு பேரேட்டை மட்டும் ஏன் தண்ணீருக்கு விடுகிறார்? மதகுக் காவலுக்குப் போன பணம் அதில் பதிவாகியிருக்கிறது. மேசையில் அது யாருக்கும் தெரியாது. ஆனால் மாணவராக ஆடியவர் குரலை உயர்த்தி, "அத குடுக்காம கதவ உடைக்க மாட்டோம்" என்றார். காவல்காரி அவரைத் தள்ளிவிட்டுக் கோடரியை எடுத்தாள். ஆறாவது படி. தட்டிலிருந்து வெள்ளைப் புகை.

கோணும் இடங்கள்

திட்டம் பேசியே நேரம் போவது அடிக்கடி நடக்கும். ஒரே யோசனை மூன்றாம் முறை வாயில் வந்தால் அதுதான் அறிகுறி. "சீக்கிரம் சொல்லுங்க" என்று நச்சரிக்காமல் நாணயத்தின் மேல் விரலை வையுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். போதாவிட்டால் நகர்த்திவிடுங்கள், பேசுவதும் ஒரு செயல்தான்.

முதல் ஐந்து நிமிடத்தில் "நாங்க மாடிக்குப் போயிடறோம்" என்று குழு கிளம்பினால் பேரேட்டுக் கேள்வி சரியாக ஊன்றவில்லை என்று பொருள். படிக்கட்டை அடைத்துத் தடுக்காதீர்கள். போகட்டும். தட்டும் சத்தம் மூன்றிலிருந்து இரண்டாகட்டும், பிறகு ஒன்றாகட்டும். சுண்ணாம்புப் புகை மாடிக்குத்தான் வரும். யாரும் இறங்காவிட்டால் கணக்கர் இறந்தார், பேரேடுகள் போயின. அந்த நகரத்தில் இனி யார் யாருக்குக் கடன்பட்டவர் என்று தெரியாது, பல அமர்வுகளாகத் தொடரும் கேம்பெயின் அங்கிருந்து தொடங்கும். தெருவழியே தப்ப நினைப்பவர்களுக்கு மட்டும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: வேகமாக ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே வளர்ந்த ஆளைத் தள்ளிவிடும், குறுகிய சந்தில் வேகம் இன்னும் கூடும்.

நீரை விலக்கும் மந்திரம் தெரிந்த கேரக்டர் இருந்தால் மந்திரம் பலிக்கட்டும். நாணயம் ஒரு சுற்று நகராது. பறிக்கப்பட்ட திறமையைப் பிளேயர் மறக்க மாட்டார், வாங்கித் தந்த கால்மணியையும் மறக்க மாட்டார்.

எங்கே வெட்டுவது

எட்டாவது படிவரை ஓட்ட வேண்டியதில்லை. கணக்கர் வெளியே வந்ததும், அல்லது வர மாட்டார் என்பது உறுதியானதும் வெட்டுங்கள். தீயணைப்பது, மூச்சு வாங்குவது, நன்றி சொல்வது எல்லாம் அடுத்த காட்சிக்கு. என் மேசையில் கதவு திறந்தபோது நான்காவது பேரேடு நீரில் கவிழ்ந்து மிதந்தது. மை கரைந்துகொண்டிருந்தது. முத்துக்குளிப்பவர் அதை நோக்கிக் கை நீட்டினார், அதே நேரம் சுமைதூக்கி அவர் மணிக்கட்டைப் பிடித்தான். அங்கே நிறுத்திவிட்டேன்.

அமர்வு முடிந்ததும் படிக்கட்டுத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். நாணயம் நின்ற இடத்தில் ஒரு கோடு போட்டு, அடுத்த உச்ச ஏற்றம் எப்போது என்று பக்கத்தில் எழுதுங்கள். மதகு இன்னும் திறந்தே கிடக்கிறது. இந்த ஏற்றத்தில் தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்ட நேரத்திலிருந்து ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் கழித்து அது மறுபடி அங்கே ஏறி வரும்.